வாடகை பாக்கி என்று வக்கீல் நோட்டீஸா? அதில் நிஜம் எது, கெடு எது, மிரட்டல் எது?

ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கவர். உள்ளே வழக்கறிஞரின் லெட்டர்ஹெட்டில் மூன்று பக்கம். ‘எனது கட்சிக்காரர்’ என்று ஆரம்பித்து, லட்சக்கணக்கில் ஒரு தொகை, ‘7 நாட்களுக்குள்’ என்று ஒரு கெடு, கடைசியில் ‘சிவில் மற்றும் கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு வரி. ஹவுஸ் ஓனரோடு வாடகைத் தகராறில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கவர் வந்தால், பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்துபோய் கேட்ட பணத்தைக் கட்டுவது, அல்லது ‘இதெல்லாம் சும்மா மிரட்டல்’ என்று டிராயரில் போட்டு மூடுவது.

இரண்டுமே நஷ்டத்தில் முடியலாம். காரணம் இதுதான்: நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருக்கும் கெடு பெரும்பாலும் வழக்கறிஞர் வைத்த கெடு. சட்டம் வைத்திருக்கும் கெடு வேறு ஒன்று. அது நோட்டீஸில் எழுதப்படாமலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். முதல் கெடுவைத் தவறவிட்டால் தானாக எதுவும் நடந்துவிடாது. இரண்டாவதைத் தவறவிட்டால் வீடே கையைவிட்டுப் போகலாம்.

எப்படி என்பதை ஒரு மாதிரி நோட்டீஸை வைத்தே பார்ப்போம். இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இதில் உள்ள வரிகள் எல்லாமே இத்தகைய நோட்டீஸ்களில் வழக்கமாக வருபவை.

முதலில், வக்கீல் நோட்டீஸ் என்பது என்ன?

அது நீதிமன்ற உத்தரவு கிடையாது. ‘எனக்கு இவ்வளவு வரவேண்டும், இதைச் செய்யாவிட்டால் வழக்குப் போடுவேன்’ என்று ஒருவர் தன் வழக்கறிஞர் மூலமாகச் சொல்லும் கடிதம், அவ்வளவுதான். அதில் எழுதியிருப்பது எதையும் எந்த நீதிபதியும் இன்னும் பார்க்கவில்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

நீதிமன்றத்திலிருந்து வரும் சம்மன் வேறு மாதிரி இருக்கும். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், முத்திரை, ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். சம்மன் வந்தபிறகும் அந்தத் தேதிக்குப் போகாமல் இருந்தால், உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். ஆகவே கவரைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கையில் இருப்பது இவற்றில் எது என்பதைத்தான்.

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் வாடகை விவகாரங்களுக்கு இப்போது அடிப்படையாக இருப்பது 2017-ம் ஆண்டில் இயற்றப்பட்ட உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம். 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரி 22 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இனி வருவதெல்லாம் இந்தச் சட்டத்தை ஒட்டித்தான்.

மாதிரி வழக்கு: கேட்பது 3.14 லட்சம்

சென்னையில் ஒரு 2 பெட்ரூம் ஃபிளாட். 2025 ஜூன் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை 11 மாத ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. வாடகை 21,000 ரூபாய், பராமரிப்புக்குத் தனியாக 2,000 ரூபாய். இரண்டையும் அந்தந்த மாதம் 5-ம் தேதிக்குள் ஓனருக்குக் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் 60,000.

இதே வீட்டுக்கு முந்தைய ஒப்பந்தத்தில் வாடகை 20,000. ஐ.டி. வேலையில் இருக்கும் வாடகைதாரர் பழைய ஆட்டோபேயை மாற்றாமல் விட்டதால் ஜூன் முதல் அக்டோபர் வரை 20,000-தான் போயிருக்கிறது. ஓனர் ஜூலையில் வாட்ஸ்அப்பில், ‘ஏரியால எல்லாரும் ஏத்திட்டாங்க, இனிமே 24,000 குடுங்க’ என்று ஒரு மெசேஜ் போட்டார். இவர் பதில் சொல்லவில்லை. அக்டோபரில் பாத்ரூம் சுவருக்குள் பைப் உடைந்து கசிந்தது. ஓனர் போனை எடுக்கவில்லை. இவரே பிளம்பரைக் கூப்பிட்டு, டைல்ஸை உடைத்து, பைப்பை மாற்ற 18,000 ரூபாய் செலவழித்தார். ‘இதைக் கழிச்சுக்கலாம், மீதியை அப்புறம் பேசிக்கலாம்’ என்று நவம்பர், டிசம்பர் மாத வாடகையையும் பராமரிப்பையும் நிறுத்திவிட்டார்.

டிசம்பர் 8 தேதியிட்ட நோட்டீஸ் டிசம்பர் 11 அன்று கைக்கு வருகிறது. அதில் உள்ள கணக்கு இது:

- ஜூன் முதல் அக்டோபர் வரை வாடகைக் குறைவு, மாதம் 4,000 வீதம்: 20,000
- நவம்பர், டிசம்பர் வாடகை, 24,000 வீதம்: 48,000
- இரண்டு மாதப் பராமரிப்பு: 4,000
- பெயின்டிங் செலவு: 35,000
- மன உளைச்சலுக்கு இழப்பீடு: 2,00,000
- நோட்டீஸ் கட்டணம்: 7,500

மொத்தம் 3,14,500 ரூபாய். அதற்கு 24 சதவீத வட்டி. 7 நாட்களுக்குள் பணத்தைக் கட்டி வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மோசடிப் புகார் கொடுக்கப்படும், அட்வான்ஸ் பறிமுதல் செய்யப்படும், வீடு பூட்டப்படும், வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத் தகவல் தரப்படும்.

சரி, இப்ப இதைப் பிரிக்கலாம்.

எது நிஜமான கோரிக்கை?

ஒவ்வொரு தொகையையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்தக் காகிதத்திலிருந்து வருகிறது? ஒப்பந்தத்தில் இருக்கிறதா, சட்டத்தில் இருக்கிறதா, பில் இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால் அது ஓனரின் விருப்பம் மட்டுமே.

முதலில் வாடகை. 24,000 என்பது வாட்ஸ்அப் மெசேஜில் மட்டும்தான் இருக்கிறது. வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். வாடகைதாரர் ஒப்புக்கொள்ளாத ஒரு மெசேஜ், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாற்றிவிடாது. ‘சரி சார், அடுத்த மாசம் பாக்கறேன்’ என்று அவர் பதில் போட்டிருந்தால் ஓனர் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அதற்காக இந்த வரி முழுக்கப் பொய்யும் இல்லை. ஒப்பந்தப்படி 21,000 தர வேண்டியவர் 20,000-தான் தந்திருக்கிறார். மாதம் ஆயிரம் வீதம் ஐந்து மாதத்துக்கு 5,000 ரூபாய் நிஜமான பாக்கி. நவம்பர், டிசம்பர் வாடகை 42,000. பராமரிப்பு 4,000. ஆக, காகிதத்தில் ஆதாரம் உள்ள தொகை 51,000 ரூபாய்.

பெயின்டிங்? சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது போன்றவை சட்டத்தின் அட்டவணையில் பொதுவாக உரிமையாளரின் பொறுப்பில் வருபவை. வாடகைதாரர் சேதப்படுத்தியிருந்தாலோ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலோ கதை மாறும். இங்கே அவர் இன்னும் வீட்டைக் காலி செய்யவே இல்லை. யாரும் பெயின்ட் அடிக்கவும் இல்லை. நடக்காத வேலைக்கு 35,000 கேட்பது பேரத்துக்கான எண்.

மன உளைச்சல் 2 லட்சம் என்பது எதையும் கூட்டிக் கழித்து வந்த தொகை இல்லை. நீதிமன்றத்தில் அதை நிரூபித்தால்தான் கிடைக்கும், வாடகை பாக்கி வழக்கில் அது சுலபம் இல்லை. நோட்டீஸ் கட்டணமும் அப்படியே. வழக்குச் செலவை யார் தர வேண்டும் என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். ஒரு கடிதத்தில் எழுதிவிட்டதாலேயே அது கடனாகிவிடாது.

வட்டி விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. 24 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இல்லாதபோது அந்த விகிதத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் தாமதமான வாடகைக்கு வட்டியே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒப்பந்தத்தில் சொன்ன விகிதத்திலோ, அது இல்லாவிட்டால் விதிகளில் சொன்ன விகிதத்திலோ வட்டி சேரும் என்கிறது சட்டம். இந்தக் கணக்கை வழக்கறிஞரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. ஏன் என்பது கீழே புரியும்.

எது நிஜமான கெடு?

நோட்டீஸ் சொல்வது 7 நாள். இந்த 7 நாளுக்கு எந்தச் சட்டத்திலும் வேர் இல்லை. டிசம்பர் 18 தாண்டினாலும் தானாக எதுவும் ஆகாது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடகைதாரரை வெளியேற்ற வேண்டுமானால், சட்டத்தின் 21-வது பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம்தான் வாடகை நீதிமன்றமாகச் செயல்படுகிறது. அந்தக் காரணங்களில் ஒன்று: இரண்டு மாத வாடகையும் இதர கட்டணங்களும் பாக்கி இருந்து, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தபிறகும், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுமையாகக் கட்டாமல் இருப்பது.

நம் உதாரணத்தில் நவம்பர், டிசம்பர் என்று சரியாக இரண்டு மாதம் பாக்கி. நோட்டீஸில் அதைக் கேட்டிருக்கிறார்கள். அதாவது, கையில் இருப்பது வெறும் மிரட்டல் கடிதம் இல்லை. அதில் 21-வது பிரிவு என்று ஒரு வார்த்தைகூட இல்லாமல் இருக்கலாம். ‘ஒரு மாதம்’ என்றும் எழுதாமல் இருக்கலாம். ஆனாலும் நாளைக்கு ஓனர் தரப்பு நீதிமன்றத்தில், ‘டிசம்பர் 11-ம் தேதியே கேட்டுவிட்டோம்’ என்று இதைத்தான் எடுத்துக் காட்டும்.

ஒரு மாதம் என்பது நோட்டீஸின் தேதியிலிருந்து இல்லை, அது உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து. டிசம்பர் 11-ல் கிடைத்தது என்றால் 2026 ஜனவரி 10-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. காலண்டரில் பார்த்தால் அது இரண்டாவது சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. வங்கி, போஸ்ட் ஆபீஸ் வேலை ஏதாவது இருந்தால் ஜனவரி 9-க்குள் முடித்தாக வேண்டும். கவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அதில் உள்ள பார்கோடு எண்ணை வைத்து டெலிவரி தேதியை எடுத்துக்கொள்ளலாம்.

‘கவரை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால்?’ அது உதவாது. சரியான முகவரிக்கு வந்ததை மறுத்தால், கிடைத்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் இருக்கும் குடும்பத்தினர் கையில் கொடுத்தாலும் கொடுத்ததுதான். வாட்ஸ்அப்பில் மட்டும் பிடிஎஃப் வந்திருந்தால் முறையான நோட்டீஸ் இல்லை என்று வாதிட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி வீட்டைப் பணயம் வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

அந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால், இந்தக் காரணத்தைச் சொல்லி வீட்டைத் திரும்பப் பெற உத்தரவு கிடைக்காது. சட்டம் வாடகைதாரருக்குக் கொடுத்திருக்கும் ஒரு கதவு இது. ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் திறக்கிற கதவு இல்லை. ஒருமுறை இப்படித் தப்பித்தவர், அதன்பிறகு ஒரே ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் மீண்டும் பாக்கி வைத்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

18,000 ரூபாயைக் கழிக்கலாமா?

இந்த விவகாரத்தில் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இதுதான். பைப் மாற்றியது உரிமையாளர் செய்ய வேண்டிய வேலை. அவர் மறுத்தால் வாடகைதாரரே செய்து, செலவை வாடகையில் கழிக்க சட்டத்தில் இடமும் இருக்கிறது. அப்படியானால் 51,000-ல் 18,000-ஐக் கழித்து 33,000 மட்டும் அனுப்பிவிடலாமே?

அனுப்பலாம். ஆனால் 21-வது பிரிவு கேட்பது முழுப் பாக்கியை. ஓனர் உண்மையிலேயே ‘மறுத்தார்’ என்பதற்கு என்ன ஆதாரம்? போனை எடுக்கவில்லை என்பது போதுமா? எழுத்தில் கேட்டீர்களா? பில் முறையாக இருக்கிறதா? நீதிமன்றம் நாளைக்கு ‘இந்தக் கழிவு செல்லாது’ என்று சொல்லிவிட்டால், ஒரு மாதத்துக்குள் முழுத் தொகை கட்டவில்லை என்று ஆகிவிடும். 18,000 ரூபாய்க்காக வீட்டை விடும் நிலை வரலாம்.

அதனால் எழுத்து ஆதாரம் பலவீனமாக இருக்கும்போது பாதுகாப்பான வழி, 51,000-ஐயும் வட்டியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ‘பைப் செலவு 18,000 எனக்கு வரவேண்டும், அந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல்தான் இதைக் கட்டுகிறேன்’ என்று பதில் நோட்டீஸில் எழுதுவது. பணத்தை அப்புறம் கேட்டு வாங்கலாம். போன கெடு திரும்பி வராது.

‘அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க’ என்பதும் இதே மாதிரி ஆபத்துதான். அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டிய பணம். ஓனர் ஒப்புக்கொள்ளாமல் அதை மாத வாடகையாக நீங்களே மாற்றிக்கொள்ள முடியாது. சட்டத்தின் கண்ணில் வாடகை பாக்கியாகத்தான் இருக்கும்.

ஓனர் பணத்தை வாங்க மறுத்தால்? வங்கிக்கு அனுப்பும்போது ‘நவம்பர், டிசம்பர் வாடகை’ என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு மணியார்டர் அனுப்புங்கள். அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்ய சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு மாதக் கெடு ஓடும்போது எங்கே டெபாசிட் செய்வது என்பதை வழக்கறிஞரிடம் உடனே கேட்டுவிடுங்கள். ஜனவரி மாத வாடகையை மட்டும் ஜனவரி 5-க்குள் ஒப்பந்தப்படி 21,000 ஆகவும், பராமரிப்பு 2,000 ஆகவும் அனுப்பிவிட வேண்டும். தகராறு நடக்கிறது என்பதற்காக ஓடுகிற மாத வாடகையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு.

எது வெறும் மிரட்டல்?

‘மோசடிப் புகார் கொடுப்போம்’ என்ற வரிதான் அதிகம் பயமுறுத்துவது. வாடகை கொடுக்காதது சிவில் பிரச்சினை. 2022-ல் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: வாடகை தராததற்கு சிவில் விளைவுகள் இருக்கலாம், ஆனால் அது மட்டுமே இந்திய தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று கூறி முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டாலும், மோசடி என்பதற்கு ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, இதை நன்றாகக் கவனியுங்கள். வாடகைக்கு நீங்கள் கொடுத்த செக் பணம் இல்லாமல் திரும்பியிருந்தால், நோட்டீஸில் ‘138’ என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். செலாவணி முறிச் சட்டத்தின் அந்தப் பிரிவு கிரிமினல்தான். அங்கே 15 நாள் என்பது வழக்கறிஞர் வைத்த கெடு இல்லை, சட்டமே வைத்த கெடு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் புகார் போட முடியும். நம் உதாரணத்தில் செக் எதுவும் இல்லாததால் இந்தக் கவலை இல்லை.

‘வீட்டைப் பூட்டுவோம்’ என்பது சட்டத்துக்கு எதிரானது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டுப் போடவோ, பொருளை வெளியே வைக்கவோ ஓனருக்கு அதிகாரம் இல்லை. தண்ணீர், கரன்ட் போன்ற அத்தியாவசிய சேவைகளைத் துண்டிப்பதையும் சட்டத்தின் 20-வது பிரிவு தடை செய்கிறது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து இடைக்கால உத்தரவு கேட்கலாம். இந்த வரி நோட்டீஸிலேயே எழுத்தில் இருப்பது உங்களுக்குத்தான் சாதகம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘அட்வான்ஸ் பறிமுதல்’ என்று மொத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் காலி செய்தபிறகு, தர வேண்டிய நியாயமான பாக்கியைக் கழித்துவிட்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

‘நிறுவனத்துக்குத் தகவல் தருவோம்’ என்பதற்கு எந்தச் சட்ட பலமும் இல்லை. ஹெச்.ஆர். உங்கள் வாடகைத் தகராறைத் தீர்க்கும் இடம் அல்ல. சம்பளத்தில் பிடித்தம் என்பது, நீதிமன்றம் பணம் தரச் சொல்லித் தீர்ப்பளித்து, அதற்குப் பிறகும் தராமல் இருந்தால் வரக்கூடிய கட்டம், அதுவும் சட்டம் வைத்த வரம்புக்குள்.

‘காலி செய்யாவிட்டால் கூடுதல் வாடகை’ என்ற வரியும் சில நோட்டீஸ்களில் வரும். இதை மட்டும் மிரட்டல் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். வாடகைக் காலம் முடிந்தபிறகும் காலி செய்யாதவரிடம் வழக்கமான வாடகையைவிட அதிக இழப்பீடு கேட்க சட்டத்தில் 23-வது பிரிவு இருக்கிறது. இந்த உதாரணத்தில் ஒப்பந்தம் இன்னும் ஓடுவதால் அது இப்போது பொருந்தாது. ஏப்ரல் 30-க்குப் பிறகு பொருந்தலாம்.

ஒப்பந்தமே இல்லையென்றால்?

வாய்வழிப் பேச்சில் குடியிருப்பவர்களுக்கும், எழுதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாதவர்களுக்கும் மேலே சொன்ன பாதுகாப்பை அப்படியே நம்ப முடியாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படை. பதிவு விவரங்கள் tenancy.tn.gov.in தளத்தில் இருக்கின்றன. சட்டப்படி ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் 21-வது பிரிவில் இடம் இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் நோட்டீஸ் வந்த அன்றே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

இதற்கு நேர்மாறாக, ‘பல வருஷ பாக்கி’ என்று ஓனர் பழைய கணக்கைக் கிளறினால், வாடகை பாக்கிக்கு வழக்குப் போட காலவரம்பு மூன்று ஆண்டு என்பது நினைவிருக்கட்டும்.

பதிலில் என்ன எழுதணும், என்ன எழுதக் கூடாது?

பதில் போடாவிட்டால் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டதாகத் தானாக ஆகிவிடாது. ஆனால் பின்னாளில், ‘அப்பவே ஏன் மறுக்கவில்லை?’ என்ற கேள்வி வரும். அதற்காகவே பதில் முக்கியம்.

பதில் பத்தி பத்தியாக இருக்க வேண்டும். ஒப்பந்த வாடகை 21,000, வாடகை உயர்வுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தப்படியான பாக்கி 51,000-ம் வட்டியும் இந்தத் தேதியில், இந்தப் பரிவர்த்தனை எண்ணில் கட்டப்பட்டது. பைப் செலவு இவ்வளவு, பில் இணைப்பு. மற்ற கோரிக்கைகள் மறுக்கப்படுகின்றன. வீட்டைப் பூட்டினால் சட்டப்படி நடவடிக்கை. இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்ட்டில் ஓனரின் வழக்கறிஞருக்கு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் கூடாதது: கோபம், புலம்பல், பழைய சண்டைகள். இதற்கிடையில் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ‘அண்ணா, சம்பளம் லேட், அடுத்த மாசம் 24 ஆயிரமா சேர்த்துத் தந்துடறேன்’ என்று சமாதானம் பேசினால், நீங்கள் மறுக்க வேண்டிய தொகையை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் போன் போட்டு விளக்கம் சொல்வதும் வேண்டாம். அவர் உங்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இல்லை.

வழக்கறிஞர் செலவு கட்டுப்படியாகாது என்றால், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் போன்றோர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்கலாம். தேசிய உதவி எண் 15100.

இந்த வழக்கின் காலண்டர்

டிசம்பர் 11: நோட்டீஸ் கிடைத்த நாள். கவர், டெலிவரி விவரம், ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், பிளம்பர் பில் எல்லாம் ஒரே ஃபோல்டரில்.

டிசம்பர் 18: வழக்கறிஞர் வைத்த கெடு. இதற்குள் நம் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டால் போதும்.

டிசம்பர் கடைசி வாரம்: 51,000-ம் வட்டியும் வங்கி மூலம். பணம் போன பிறகு பதில் நோட்டீஸ். ஓனர் திருப்பி அனுப்பினால் மாற்று வழிக்கு இன்னும் பத்து நாளாவது கையில் இருக்கும்.

ஜனவரி 5: ஜனவரி வாடகையும் பராமரிப்பும், 23,000.

ஜனவரி 9, வெள்ளி: சட்டத்தின் ஒரு மாதக் கெடுவுக்கு முந்தைய கடைசி வேலைநாள்.

ஏப்ரல் 30: ஒப்பந்தம் முடியும் நாள். புதுப்பிப்பதா, காலி செய்வதா என்பதை மார்ச்சிலேயே எழுத்தில் பேசியிருக்க வேண்டும்.

கேட்டது 3,14,500. கட்ட வேண்டியது 51,000-ம் அதற்கான வட்டியும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்தாலே போதும். கெடுவைக் கண்டுபிடிக்க, கவரின் மேல் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும்.